எவ்வளவு சொல்லிக் கொடுப்பது?

இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் பத்து வயது. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துத் தனியாக உட்காரவைத்துச் சோதித்தால், எட்டு வயதுப் பிள்ளைக்கு உரிய கணக்குகள் வரை இருவருமே போடுகிறார்கள். அதற்கு மேல் முடியவில்லை. மதிப்பெண் பட்டியலில் இருவரும் ஒன்றுதான். இப்போது ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கைகொடுக்கிறார். ஒரு கேள்வி கேட்டு யோசிக்க வைக்கிறார், அல்லது முதல் வரியை மட்டும் போட்டுக் காட்டுகிறார். அந்த உதவியோடு முதல் பிள்ளை ஒன்பது வயதுக்கான கணக்கு வரை போகிறது. இரண்டாவது பிள்ளையோ பன்னிரண்டு வயதுக்கானதையே போட்டுவிடுகிறது. இனியும் இருவரும் ஒன்று என்று சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி. 1896-இல் பிறந்து, 37 வயதில் காசநோயால் 1934-இல் இறந்துபோனவர். பிள்ளைகளின் அறிவை அளக்கிறோம் என்று அக்காலத்தில் நடந்த சோதனைகள் எல்லாம், பிள்ளை தனியாக என்ன செய்கிறது என்பதை மட்டுமே பார்த்தன. யாராவது உதவிவிட்டால் அந்த விடை செல்லாது. வைகாட்ஸ்கி அந்தச் செல்லாத விடையைத்தான் கையில் எடுத்தார். தனியாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவில் இருக்கும் தூரத்துக்கு அவர் வைத்த பெயரை, நம் ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்கள் ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்கின்றன. இன்று துணையோடு செய்வதைத்தான் பிள்ளை நாளை தனியாகச் செய்யும். ஆகவே சொல்லிக் கொடுப்பது அந்த இடைவெளியில் நடக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தால் நேரம் வீண். மண்டலத்துக்கு வெளியே இருப்பதைச் சொல்லிக் கொடுத்தாலும் வீண்தான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துணை என்றால் என்ன துணை, எவ்வளவு, எப்போது? இதை வைகாட்ஸ்கி விரிவாக எழுதிவைக்கவில்லை. அதற்கான விடை நாற்பது ஆண்டு கழித்து ஒரு மரக்கட்டை விளையாட்டிலிருந்து வந்தது.

இருபத்தொரு கட்டைகள்

1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று, நான்கு, ஐந்து வயதில் வயதுக்குப் பத்துப் பேராக முப்பது குழந்தைகள். அவர்கள் முன்னால் 21 மரக்கட்டைகள். சரியாகப் பொருத்தினால் ஆறு அடுக்குள்ள ஒரு பிரமிடு வரும். உச்சியில் இருப்பது ஒற்றைக் கட்டை. அதற்குக் கீழே உள்ள ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே அளவுள்ள நான்கு கட்டைகள். ஒன்றில் முளை இருக்கும், இன்னொன்றில் குழி இருக்கும். இரண்டிரண்டாகச் சேர்த்து ஜோடியாக்கி, இரண்டு ஜோடிகளை இணைத்தால் ஓர் அடுக்கு. அப்புறம் அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். மூன்று வயதுக் குழந்தை தனியாக விட்டால் கட்டி முடிக்காது. ஆனால் கட்டைகளைத் தொடாமலும் இருக்காது. இப்படி ஆசையும் இருந்து திறமையும் அரைகுறையாக இருக்கும் வேலையைத்தான் ஆய்வாளர்கள் தேடி உருவாக்கியிருந்தார்கள்.

முதல் ஐந்து நிமிடம் குழந்தை தன் இஷ்டத்துக்கு விளையாடலாம். அதன் பிறகு ஆசிரியை இரண்டு கட்டைகளை எப்படிச் சேர்ப்பது என்று காட்டுவார், அல்லது குழந்தையே தற்செயலாகச் சேர்த்திருந்தால் அதைச் சுட்டிக்காட்டுவார். மற்றபடி முடிந்தவரை குழந்தையே செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. ஆசிரியையாக இருந்தவர் கெயில் ராஸ். அவர் மூன்று வயதினருக்கும் நான்கு வயதினருக்கும் ஐந்து வயதினருக்கும் செய்த வேலை ஒன்றாக இல்லை.

மூன்று வயதுக் குழந்தைகள் அவர் பேச்சைப் பெரும்பாலும் காதிலேயே வாங்கவில்லை. அவர்களிடம் வாயால் சொல்லிப் பயனில்லை. செய்து காட்ட வேண்டியிருந்தது. கவனம் வேறு எங்காவது போனால் திரும்ப இந்த விளையாட்டுக்கு இழுத்து வருவதே பாதி வேலை. நான்கு வயதினரிடம் சொல் எடுபட்டது. ‘இது சரியாகப் பொருந்தியிருக்கிறதா பார்’ என்று அவர்கள் செய்த தவறைச் சுட்டினால் போதும், திருத்திக்கொண்டார்கள். ஐந்து வயதினர் தாங்களாகவே கட்டினார்கள். எங்காவது சிக்கினால் அல்லது செய்தது சரிதானா என்று தெரியவேண்டியிருந்தால் மட்டும் ஆசிரியையைப் பார்த்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. ஒரு ஜோடி சரியாகச் சேர்ந்திருக்கிறது என்பதை மூன்று வயதுக் குழந்தையாலும் கண்டுகொள்ள முடிந்தது. தானே அப்படிச் சேர்க்கத்தான் முடியவில்லை. எது சரி என்று தெரிவது முதலில் வருகிறது, அதைச் செய்யத் தெரிவது பிறகு வருகிறது. கைகொடுக்க இடம் கிடைப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். விடையைப் பார்த்தால்கூட அது விடை என்று தெரியாத குழந்தைக்கு என்ன குறிப்புக் கொடுத்தாலும் அது எதற்கான குறிப்பு என்று விளங்காது.

இந்த உதவிக்கு அந்தக் கட்டுரை வைத்த பெயர்தான் சாரம். கட்டடம் எழும்ப எழும்பக் கட்டி, வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடும் அதே சாரம். ஆசிரியர் பயிற்சியில் வைகாட்ஸ்கியையும் சாரத்தையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஆனால் சாரம் என்பது வைகாட்ஸ்கி வைத்த பெயர் அல்ல. இரண்டையும் பின்னால் வந்தவர்கள்தான் சேர்த்துவைத்தார்கள்.

ஐந்து படிகள், ஒரே விதி

அதே கட்டைகளை வைத்து வுட்டும் அவருடைய சகாக்களும் அம்மாக்கள் தங்கள் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கவனித்தார்கள். அம்மாக்கள் கொடுத்த உதவியை, குறைந்ததிலிருந்து கூடியது வரை ஐந்து படிகளாகப் பிரிக்க முடிந்தது. முதல் படி, ‘எங்கே, நீயே ஏதாவது செய்’ என்று பொதுவாகத் தூண்டுவது. இரண்டாவது, ‘பெரிய கட்டைகளாகப் பார்த்து எடு’ என்று குறிப்பாகச் சொல்வது. மூன்றாவது, எந்தக் கட்டை என்று விரலால் காட்டுவது. நான்காவது, கட்டையை எடுத்துச் சரியாகத் திருப்பிக் குழந்தைமுன் வைத்து, தள்ளிப் பொருத்துவதை மட்டும் அதற்கு விடுவது. ஐந்தாவது, தானே பொருத்திக் காட்டுவது.

எந்தப் படி சிறந்தது என்று கேட்டால் விடை இல்லை. எந்தக் குழந்தைகள் பிற்பாடு தனியாகக் கட்டினார்கள் என்று பார்த்தபோது, அவர்களுடைய அம்மாக்களிடம் இருந்த பழக்கம் ஒன்று கண்ணில் பட்டது. குழந்தை தடுமாறினால் ஒரு படி கூட்டினார்கள். குழந்தை செய்துவிட்டால் ஒரு படி குறைத்தார்கள். அடுத்து எவ்வளவு உதவி என்பதை, குழந்தை கடைசியாகச் செய்த காரியமே தீர்மானித்தது.

இதை 1978-இல் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு முழுக்க முழுக்கச் செய்து காட்டுவது. இன்னொரு குழுவுக்கு வாயால் மட்டும் சொல்வது. மூன்றாவதற்குச் சொல்வதற்கும் காட்டுவதற்கும் இடையே மாறி மாறித் தாவுவது. நான்காவதற்கு மேலே சொன்ன விதி. பிறகு தனியாகக் கட்டச் சொன்னபோது நான்காவது குழுதான் முந்தியது. விதியை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். அதற்கென்றே பயிற்சி பெற்றவராலும் எல்லா நேரமும் அப்படி நடக்க முடியவில்லை. பிள்ளை தடுமாறும்போது உதவியைக் கூட்டுவது எல்லோருக்கும் தானாக வரும். பிள்ளை செய்துவிட்ட பிறகு குறைப்பதுதான் வராது.

52-இல் 27 போனால்

கட்டையை விட்டு நம் வீட்டுத் திண்ணைக்கு வருவோம். மாலை டியூஷன். மூன்றாம் வகுப்புப் பையன், 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 25. கழித்தல் சொல்லிக் கொடுத்த எவருக்கும் இந்த 35 பழக்கமான எண்தான்.

அக்கா முதலில் திருத்தவில்லை. “எப்படிப் போட்டே, சொல்லு தம்பி” என்கிறாள். “ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு” என்கிறான் பையன். ஒன்றுகள் இடத்தில் மேலே 2, கீழே 7. சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் போகாது என்று அவனுக்குத் தெரியும். அதனால் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டான். கவனக்குறைவால் வந்த தவறு இல்லை இது. அவன் ஒரு விதியை வைத்திருக்கிறான், அந்த விதிதான் தப்பு. சோதித்துப் பார்க்க அக்கா 45-இலிருந்து 23-ஐக் கழிக்கச் சொல்கிறாள். உடனே 22 என்கிறான். ஆக, கடன் வாங்காத கழித்தல் அவனுக்குத் தனியாகவே வருகிறது. கடன் வாங்கும் இடத்தில்தான் அவனுடைய எல்லை இருக்கிறது.

இனிப் படிகள். “இன்னொரு தடவை போட்டுப் பாரு.” போடுகிறான், மறுபடியும் 35. ஒரு படி கூட்டுகிறாள்: “மேல ரெண்டுதானே இருக்கு, அதுலேர்ந்து ஏழை எடுக்க முடியுமா?” பையன் யோசிக்கிறான். “முடியாது... அப்ப பூஜ்யமா?” பாதித் தூரம் வந்துவிட்டான். தன் பழைய விதி சரியில்லை என்று தெரிந்துவிட்டது, புதிது இன்னும் கிடைக்கவில்லை. பேச்சு போதவில்லை, ஆகவே அடுத்த படி. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. “இதுலேர்ந்து இருபத்தேழை எடு.” இரண்டு உதிரியையும் எடுத்துவிட்டு நிற்கிறான். அக்கா பேசவில்லை. ஒரு கட்டின் மேல் விரலை மட்டும் வைக்கிறாள். பையன் ரப்பர் பேண்டைக் கழற்றுகிறான். எடுத்த இரண்டையும் திரும்பச் சேர்த்து எண்ணினால் உதிரி பன்னிரண்டு, கட்டு நான்கு. ஏழு உதிரி போனால் ஐந்து. இரண்டு கட்டுப் போனால் இரண்டு. “இருபத்தஞ்சு!”

கட்டைப் பிரித்துக் கொடுக்கும் நான்காவது படிக்கும், முழுவதும் போட்டுக் காட்டும் ஐந்தாவது படிக்கும் வேலையே இல்லாமல் போய்விட்டது. இப்போதுதான் அக்காவின் சாமர்த்தியம் தெரிய வேண்டும். அடுத்த கணக்கு 64-இல் 38. குச்சிகள் பக்கத்திலேயே இருக்கின்றன, விரல் வரவில்லை. பையன் தானே கட்டைப் பிரிக்கிறான், 26. அதற்கடுத்து 43-இல் 19. இப்போது குச்சிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, “கட்டைப் பிரிச்சியே, அதை நோட்டுல எப்படி எழுதுவே?” என்று மட்டும் கேட்கிறாள். 4-ஐ அடித்து 3 போடுகிறான், 3-ஐ 13 ஆக்குகிறான், 24.

அடுத்து 81-இல் 45. அக்கா வாயே திறக்கவில்லை. பையன் 46 என்று எழுதுகிறான். ஒன்றைப் பதினொன்றாக்கியவன், எட்டை ஏழாக்க மறந்துவிட்டான். இந்த இடத்தில் அநேகம் பேர் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள்: குச்சி, கட்டு, விளக்கம் எல்லாம். அது தேவையில்லை. ஒரு படி கூட்டினால் போதும். “எட்டுக் கட்டுல ஒண்ணைப் பிரிச்சாச்சு. மிச்சம் எத்தனை கட்டு?” பையன் தலையில் தட்டிக்கொண்டு 8-ஐ அடித்து 7 போடுகிறான், 36. அதன்பின் 92-இல் 57-ஐ யார் உதவியும் இல்லாமல் 35 என்று முடிக்கிறான்.

கடைசியாக அக்கா ஒரு தந்திரம் செய்கிறாள். 68-இல் 23. இதில் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கடன் வாங்குவதை ஒரு சடங்காக மட்டும் கற்றுக்கொண்ட பிள்ளை இங்கேயும் 6-ஐ அடித்து 5 போடும். நம் பையன் பென்சிலைத் தூக்கியவன், ஒரு நொடி நிறுத்தி, “இதுக்கு வேண்டாம்ல அக்கா?” என்கிறான். அக்கா பதில் சொல்லவில்லை. அவனே 45 என்று எழுதுகிறான். எப்போது கடன் வாங்குவது என்று முடிவெடுக்கும் வேலை இதுவரை கணக்குகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த அக்காவிடம் இருந்தது. இப்போது அது பையனிடம் வந்துவிட்டது. சாரத்தின் கடைசிக் கம்பு அதுதான்.

உதவி எங்கே கெடுகிறது?

பிரெஞ்சு நாடகாசிரியர் மார்செல் பஞ்ஞோல் 1928-இல் ‘தொப்பாஸ்’ என்றொரு நாடகம் எழுதினார். அதில் வரும் ஆசிரியர் ஒரு மாணவனுக்கு ஆடுகளைப் பற்றி வாக்கியம் சொல்லி எழுதவைக்கிறார். பிரெஞ்சில் பன்மையைக் காட்டும் கடைசி எழுத்தை எழுத வேண்டும், உச்சரிக்கக் கூடாது. பையன் அதை எழுதாமல் விடுகிறான். ஆசிரியர் அந்த எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி உச்சரித்து, முடிவில் அது காதில் அடிக்கிற மாதிரி சொல்கிறார். பையன் இப்போது எழுதிவிடலாம். ஆனால் பன்மை பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவனுக்கு இருக்காது. கணிதக் கல்வி ஆய்வாளர் கீ புரூசோ இந்தக் காட்சியை வைத்தே அந்தத் தவறுக்குத் தொப்பாஸ் விளைவு என்று பெயரிட்டார்.

அக்காவும் இதில் விழுந்திருக்கலாம். “ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு, அஞ்சு நாலாச்சு, இது பன்னெண்டு, பன்னெண்டுல ஏழு போனா எத்தனை?” பையன் ஐந்து என்கிறான். விடை சரி. ஆனால் அவன் செய்தது பன்னிரண்டில் ஏழைக் கழித்ததுதான். அது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது அத்தனையையும் கேள்வி கேட்கிற சாக்கில் அக்காவே செய்து முடித்துவிட்டாள். வெளியே இருந்து பார்த்தால் கேள்வியும் பதிலுமாக அருமையான வகுப்பு போலத்தான் தெரியும். படிகள் இங்கேயும் கூடிக்கொண்டே போகின்றன. பிள்ளைக்குத் தனக்கென்று செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை. அக்கா குச்சிக் கட்டைத் தொட்டபோது, அதைப் பிரிக்க வேண்டும் என்ற முடிவு பையனுடையதாக இருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொரு கெடுதல் பாசத்தால் வருவது. பிள்ளை முகம் சுருங்கினால் நமக்குப் பொறுப்பதில்லை. 1976 கட்டுரையே இதைக் குறிப்பிட்டு எச்சரிக்கிறது: குழந்தை சலித்துப்போகாமல் பார்த்துக்கொள்வதும் ஆசிரியையின் வேலைதான், ஆனால் அதிலேயே குழந்தை அவரைச் சார்ந்தே இருந்துவிடும் அபாயமும் இருக்கிறது. ஒவ்வொரு வரி எழுதியதும் நிமிர்ந்து அக்கா முகத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு அது நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சரியா தப்பா என்பதை நோட்டில் தேடாமல் முகத்தில் தேடுகிறது. அந்த நேரத்தில் அக்கா தலையாட்டாமல், “கூட்டிப் பாத்துச் சரிபாரு” என்று சொன்னால் போதும். 25-ஐயும் 27-ஐயும் கூட்டினால் 52 வருகிறதா என்று பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு யார் முகமும் தேவையில்லை.

‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதாலும் எதுவும் தெரியாது. புரியாத பிள்ளைக்குத் தனக்குப் புரியவில்லை என்பதே பல நேரம் தெரியாது. தெரிந்தாலும் தலையாட்டுவதுதான் சுலபம். அடுத்த கணக்கைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வதே அதைக் கேட்கும் முறை.

எட்டாத கணக்கு

அதே மாலையில் அக்கா உற்சாகத்தில் 402-இல் 178-ஐக் கழிக்கச் சொல்கிறாள் என்று வைப்போம். பத்துகள் இடத்தில் பூஜ்யம். கடன் வாங்கப் போன இடத்தில் ஒன்றும் இல்லை. நூறிலிருந்து பத்துக்கும், பத்திலிருந்து ஒன்றுக்கும் இரண்டு தடவை பிரிக்க வேண்டும். பையன் திணறுகிறான். அக்கா ஐந்தாவது படி வரை போய் முழுவதும் போட்டுக் காட்டுகிறாள், 224. பையன் பார்த்து அப்படியே நோட்டில் எழுதிக்கொள்கிறான். பிறகு 503-இல் 267-ஐக் கொடுத்தால் மறுபடி முதல் வரியிலேயே நிற்கிறான்.

உச்சப் படி உதவிக்குப் பிறகும் அடுத்த கணக்கில் எந்த மாற்றமும் இல்லை என்றால், அந்தக் கணக்கு இன்றைக்கு அவனுடைய மண்டலத்தில் இல்லை. வைகாட்ஸ்கியும் இதைச் சொல்லியிருக்கிறார். தனக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதைத்தான் பிள்ளை பார்த்துச் செய்ய முடியும். உயர் கணிதத்தைக் கரும்பலகையில் எத்தனை தடவை போட்டுக் காட்டினாலும் சின்னப் பிள்ளைக்கு அது ஏறாது. அப்போது குரலை உயர்த்துவதற்குப் பதிலாக வேலையைச் சின்னதாக்க வேண்டும். நூறு என்பது பத்துக் கட்டுகள் என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு வருகிறதா என்று முதலில் பார்க்கலாம். அது வந்த பிறகு 402 தானே எட்டும் தூரத்துக்கு வரும்.

ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள் என்றிருக்கும் இடத்தில் கிடைத்த விதி இது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் படி பார்த்துக் கூட்டிக் குறைக்க எந்த ஆசிரியராலும் முடியாது. நாற்பது நோட்டில் 35 என்று எழுதியவை எவை, 46 என்று எழுதியவை எவை என்று பிரித்து, அந்தந்தக் கூட்டத்துக்கு ஒரு கேள்வி கேட்க முடியும். வீட்டில், டியூஷனில், பக்கத்து வீட்டு அண்ணனிடத்தில் அந்தச் சாக்கு இல்லை.

டியூஷன் நல்ல டியூஷனா என்று பெற்றோர் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. வீட்டுப்பாட நோட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அந்த வழி இல்லை; பக்கத்தில் யாராவது இருந்தால் எந்த நோட்டும் சரியாகத்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்து, யாரும் இல்லாதபோது, அதே மாதிரிப் புதுக் கணக்கு மூன்று கொடுங்கள். அதில் ஒன்று கடன் வாங்கத் தேவையில்லாததாக இருக்கட்டும். மூன்றும் வந்தால் உதவி தன் வேலையை முடித்துவிட்டது; அடுத்த பாடத்துக்குப் போகலாம். வராவிட்டால் தவறு எந்த வரியில் என்று பார்த்து, அங்கிருந்து ஒரே ஒரு படி மட்டும் கூட்டச் சொல்லுங்கள்.